விசிறி சுழல்கிறது, வெப்பம் இறங்கவில்லை: ரேடியேட்டர், தூசி வடிகட்டி, நெருக்கமான கேபினட் ஆகியவற்றுக்கு விசிறி தேர்வதில் பிழை காணும் வழிமுறை

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றோட்ட அளவைப் பார்த்துக் கணினிக்கு விசிறி வாங்கி, அதைத் திரவக் குளிர்விப்பின் ரேடியேட்டர் மீதோ தூசி வடிகட்டிக்குப் பின்னாலோ பொருத்திய பிறகும் வெப்பம் முன்பு இருந்த இடத்திலேயே நிற்பதைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். பெரும்பாலும் விசிறியில் பழுது இருப்பதில்லை, அச்சிட்ட எண்ணும் பொய் சொல்வதில்லை. அந்த எண் எந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதைக் கவனிக்காமல் விட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

ஒவ்வொரு விசிறிக்கும் இரண்டு எண்கள் தரப்படுகின்றன. ஒன்று காற்றோட்டம். விசிறிக்கு முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் வெட்டவெளியில் சுழலும்போது ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் காற்றை நகர்த்துகிறது என்பதை அது சொல்கிறது. மற்றொன்று நிலையழுத்தம். காற்று வெளியேறும் வழியை முழுவதும் அடைத்துவிட்டால் விசிறியால் எவ்வளவு அழுத்தத்தை எழுப்ப முடியும் என்பதை, அந்த அழுத்தம் எத்தனை மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்கும் என்ற கணக்கில் அது சொல்கிறது. முதல் எண் பொருந்தும் நிலையில் அழுத்தம் சுழியம். இரண்டாம் எண் பொருந்தும் நிலையில் காற்றோட்டம் சுழியம். உங்கள் கேபினட்டுக்குள் விசிறி இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் இயங்குகிறது. அந்த இடத்தை விசிறி மட்டும் தீர்மானிப்பதில்லை, அதன் முன்னால் இருக்கும் தடையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் இரண்டு 120 மி.மீ. விசிறிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். எஸ்12ஏ வகை நிமிடத்துக்கு 1200 சுற்றில் மணிக்கு 107.5 கன மீட்டர் காற்றையும் 1.19 மி.மீ. நிலையழுத்தத்தையும் தருகிறது. எஃப்12 வகை 1500 சுற்றில் 93.4 கன மீட்டரையும் 2.61 மி.மீ. அழுத்தத்தையும் தருகிறது. வேகம் வேறுபடுவதால் இவற்றை நேரடியாக ஒப்பிடக் கூடாது. காற்றோட்டம் சுழல்வேகத்தின் விகிதத்திலும், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தின் விகிதத்திலும் மாறும் என்ற விதியைக் கொண்டு எஃப்12-ஐயும் 1200 சுற்றுக்குக் கொண்டுவந்தால், அதன் காற்றோட்டம் ஏறத்தாழ 75 கன மீட்டராகவும் அழுத்தம் 1.67 மி.மீ. ஆகவும் அமைகிறது. ஒரே வேகத்தில், திறந்த இடத்தில் எஸ்12ஏ வெகுவாக முந்துகிறது. தடை கூடக்கூட எஃப்12 அதை எட்டிப் பிடித்துத் தாண்டிவிடுகிறது. எஸ்12ஏ போன்றவற்றைக் காற்றோட்ட வகை என்றும், எஃப்12 போன்றவற்றை அழுத்த வகை என்றும் இனி சொல்கிறேன். ஆகவே உங்கள் கேபினட்டில் தடை எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை அறிந்த பிறகுதான் விசிறியின் வகையைப் பேச வேண்டும்.

அளப்பதற்கு முன்

விசிறியின் வேகத்தைப் பயாஸில் ஒரே எண்ணில் நிறுத்தி வையுங்கள். தானாக ஏறி இறங்க விட்டால், நீங்கள் ஒரு தடையை நீக்கியதும் விசிறி மெதுவாகிவிடும், வெப்பம் அதே எண்ணைக் காட்டும், நீக்கியதால் பயனில்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். செயலிக்கு முழுச் சுமை கொடுத்து, திரவக் குளிர்விப்பு என்றால் குறைந்தது அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். குழாயிலுள்ள திரவம் நிலையான வெப்பத்தை அடைய அவ்வளவு நேரம் பிடிக்கும். அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, எல்லா அளவுகளையும் அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்றே எழுதுங்கள். காலையில் 28 டிகிரியிலும் மதியம் 34 டிகிரியிலும் எடுத்த அளவுகளை அப்படியே ஒப்பிட்டால் அவை எதையும் சொல்லாது.

அறிகுறி 1: முன்பலகையைக் கழற்றினால் வெப்பம் சட்டென இறங்குகிறது

முன்பக்கம் முழுவதும் கண்ணாடியோ மூடிய பிளாஸ்டிக் பலகையோ இருக்கும் கேபினட்களில் காற்று பக்கவாட்டிலுள்ள ஒடுங்கிய இடைவெளி வழியாகத்தான் நுழைகிறது. பலகையைக் கழற்றி வைத்து அதே சுமையில் மீண்டும் அளந்து பாருங்கள். நான்கைந்து டிகிரி இறங்கினால் தடை பலகையில்தான் இருக்கிறது.

அளவுகோலைக் கையில் எடுத்தால் காரணம் தெரிந்துவிடும். 120 மி.மீ. விசிறியில் நடுக்குமிழ் போக இதழ்கள் சுழலும் பரப்பு ஏறத்தாழ 92 சதுர செ.மீ. முன்பக்கத்தில் இரண்டு விசிறிகள் இருந்தால் 184 சதுர செ.மீ. பலகையின் இருபுறமும் 6 மி.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட இடைவெளி இருந்தால் அதன் மொத்தப் பரப்பு 48 சதுர செ.மீ. மட்டுமே. விசிறியின் பரப்பில் கால் பங்கு வழியாக முழுக் காற்றும் வளைந்து நெளிந்து வந்தாக வேண்டும்.

அழுத்தம் மிகுந்த விசிறியை வாங்கிவிடலாம் என்று இந்த இடத்தில் தோன்றும். அதனால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் இத்தகைய தடையில் காற்றோட்டத்தை இரட்டிப்பாக்க அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். அதே விசிறியிலிருந்து நான்கு மடங்கு அழுத்தத்தைப் பெற வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும், அப்போது இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபெல் கூடும். மாறாக, பலகையைப் பிடித்திருக்கும் முளைகளுக்கு அடியில் 6 மி.மீ. ரப்பர் வாஷர்களை வைத்து இடைவெளியை 12 மி.மீ. ஆக்கினால், அதே காற்றுக்குத் தேவைப்படும் அழுத்தம் கால் பங்காகக் குறைந்துவிடும். சில ரூபாய் வாஷர் செய்யும் இந்த வேலையை எந்த விலையுயர்ந்த விசிறியாலும் இரைச்சலின்றிச் செய்ய முடியாது. நெருக்கமான கேபினட்டுக்கு விசிறி தேடுபவர்களிடம் நான் முதலில் வாஷரைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

அறிகுறி 2: வடிகட்டியை உருவினால் குளிர்கிறது, மாட்டினால் சுடுகிறது

வடிகட்டியை உருவிவிட்டு ஒரு முறையும், கழுவி உலர்த்தி மாட்டி ஒரு முறையும் அளந்து பாருங்கள். கழுவிய வடிகட்டியோடு வெப்பம் இறங்கிவிட்டால் சிக்கல் தூசியே தவிர விசிறி அல்ல. கழுவிய பிறகும் மூன்று டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் வலையே மிக நெருக்கமாக இருக்கிறது என்று கொள்ளலாம். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 0.3 மி.மீ. துளையும் 0.2 மி.மீ. இழையும் கொண்ட வலையில் திறந்திருக்கும் பரப்பு 36 விழுக்காடுதான்; துளையின் ஓரத்தில் மெல்லிய தூசிப் படலம் படிந்தாலே அது மளமளவென்று சுருங்கிவிடும். இந்த இடத்தில் அழுத்தம் மிகுந்த விசிறி உண்மையாகவே உதவும், குறிப்பாக வடிகட்டி பாதி அடைந்த பிறகும் காற்றோட்டம் முற்றிலும் விழுந்துவிடாமல் அது பார்த்துக்கொள்ளும். காற்றோட்ட வகை விசிறியோ வடிகட்டி கழுவிய வாரத்தில் நன்றாக இயங்கி, அடுத்த மாதமே சோர்ந்துவிடும்.

வடிகட்டியை நிரந்தரமாகக் கழற்றி வைப்பது தீர்வாகாது. தூசி அப்போது ரேடியேட்டரின் தகடுகளுக்கு இடையில் போய் அடையும், அதைக் கழுவுவது வடிகட்டியைக் கழுவுவதுபோல எளிதல்ல. முன் விசிறிகள் தடையால் சோர்ந்து, பின் விசிறி தடையின்றி இழுக்கும்போது கேபினட்டுக்குள் அழுத்தம் குறைகிறது. வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியாகத் தூசி உள்ளே வருகிறது. கிராபிக்ஸ் கார்டுக்குப் பின்னாலுள்ள துளைத்தகடுகளின் அருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் முன்பக்கம் போதிய காற்றைத் தரவில்லை என்று பொருள். பின் விசிறியின் வேகத்தைக் குறைத்தாலே சில நேரம் இது சரியாகிவிடும்.

அறிகுறி 3: ரேடியேட்டருக்குப் பின்னால் கை வைத்தால் காற்றே தெரியவில்லை, திரவம் சூடாகவே இருக்கிறது

விசிறியின் வகை உண்மையில் முடிவைத் தீர்மானிக்கும் இடம் இதுதான், ஆகவே இதில் சற்று நின்று பார்க்க வேண்டும். வடிகட்டியின் தடை ஒரு மெல்லிய வலையோடு முடிந்துவிடுகிறது. ரேடியேட்டரிலோ, ஆயத்தத் திரவக் குளிர்விப்பான்களில் வழக்கமாக உள்ள 27 மி.மீ. தடிமன் முழுவதும், நெருக்கமாக மடித்த அலுமினியத் தகடுகளுக்கு இடையே காற்று உரசிக்கொண்டே செல்ல வேண்டும்.

கையை வைத்துப் பார்ப்பது நம்பகமான சோதனை அல்ல. காற்று எவ்வளவு போகிறது என்பதை ஒரு சாதாரண டிஜிட்டல் வெப்பமானியைக் கொண்டே கணக்கிட முடியும், இதைப் பலர் முயன்று பார்ப்பதில்லை. செயலி வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ முழுவதும் ரேடியேட்டர் வழியாகச் செல்லும் காற்றில்தான் கலக்கிறது. ஆகவே காற்று எத்தனை டிகிரி சூடேறி வெளியே வருகிறது என்று தெரிந்தால், அதன் அளவும் தெரிந்துவிடும்.

```
காற்றோட்டம் (கன மீ./மணி) = 3 × வாட் ÷ வெப்ப உயர்வு (டிகிரி)
```

வாட் அளவை HWiNFO64 நிரலில் `CPU Package Power` என்ற வரியில் பார்க்கலாம். வெப்பமானியின் முனையை முதலில் ரேடியேட்டருக்குள் காற்று நுழையும் பக்கத்திலும், பிறகு வெளியேறும் பக்கத்தில் நான்கைந்து இடங்களிலும் வைத்துச் சராசரி எடுங்கள். நுழையும் காற்றும் அறைக் காற்றும் ஒரே வெப்பத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்பதை அண்மையில் நான் சீர்செய்த ஒரு கணினியைக் கொண்டே சொல்கிறேன்.

அது உறவினர் ஒருவருடைய கணினி. மூடிய கண்ணாடி முன்பலகை, அதற்குப் பின் நைலான் வடிகட்டி, அதற்குப் பின் இரண்டு காற்றோட்ட வகை விசிறிகள், அவற்றை ஒட்டி 240 மி.மீ. ரேடியேட்டர் என்று மூன்று தடைகளும் ஒரே வரிசையில் நின்றன. விசிறிகள் 1200 சுற்றில் நிறுத்தப்பட்டிருந்தன. செயலி 150 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. அறை 31 டிகிரி, திரவம் 49 டிகிரி. வடிகட்டிக்கும் பலகைக்கும் நடுவில் வெப்பமானியை நுழைத்தபோது அங்கே 33 டிகிரி காட்டியது. ரேடியேட்டருக்குப் பின்னால் 46 டிகிரி. வெப்ப உயர்வு 13 டிகிரி என்பதால் 3 × 150 ÷ 13, அதாவது இரண்டு விசிறிகளும் சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 35 கன மீட்டர். ஒரு விசிறிக்குப் பதினேழரை. திறந்தவெளியில் நூறு கன மீட்டருக்கு மேல் நகர்த்தக்கூடிய விசிறி, அதில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டாமல் திணறிக்கொண்டிருந்தது.

முதலில் அந்த இரண்டு டிகிரியைத் தேடினேன். ரேடியேட்டரின் இரு பக்கங்களிலும் கேபினட் சட்டத்தில் விரல் அகலத் துளைகள் திறந்தே கிடந்தன. ஊதுபத்தியை உட்புறமாக அங்கே காட்டியபோது புகை முன்பலகையை நோக்கித் திரும்பி ஓடியது. ரேடியேட்டரைக் கடந்து வந்த சூடான காற்றின் ஒரு பகுதி மீண்டும் முன்னே போய், விசிறியின் வாய்க்குள்ளேயே நுழைந்துகொண்டிருந்தது. தடை மிகுந்த இடங்களில் இது அடிக்கடி நடக்கும், ஏனெனில் வெளிக்காற்றை இடுக்கு வழியாக இழுப்பதைவிட உள்ளிருக்கும் காற்றைத் திறந்த துளை வழியாக இழுப்பது விசிறிக்கு எளிது. கதவிடுக்குகளில் ஒட்டும் ஸ்பாஞ்ச் நாடாவால் அந்தத் துளைகளை அடைத்ததும் நுழையும் காற்று 31 டிகிரிக்கு வந்துவிட்டது.

பிறகு முன்பலகையை வாஷர் வைத்து 12 மி.மீ. இடைவெளிக்குத் தள்ளினேன். வெப்ப உயர்வு 10 டிகிரிக்கு இறங்கியது, காற்றோட்டம் 45 கன மீட்டர். வடிகட்டியை உருவிப் பார்த்தேன். அரை டிகிரிதான் மாறியது, ஆகவே அதை மீண்டும் மாட்டிவிட்டேன். கடைசியாக விசிறிகளை மாற்றி, அழுத்த வகையை அதே 1200 சுற்றில் ஓட விட்டேன். வெளிவரும் காற்று 38 டிகிரி, உயர்வு 7 டிகிரி, காற்றோட்டம் 64 கன மீட்டர். திரவம் 41 டிகிரியில் நின்றது. முதலில் அது அறைக்கு மேல் 18 டிகிரி இருந்தது; இப்போது 10.

வாஷர்களைக் கழற்றிவிட்டு, பலகையைப் பழையபடியே வைத்து, புது விசிறிகளை மட்டும் கொண்டும் ஒரு முறை அளந்தேன். உயர்வு பத்தரை டிகிரி, காற்றோட்டம் ஏறத்தாழ 43 கன மீட்டர். அதாவது விசிறியை மட்டும் மாற்றியிருந்தால் வாஷர் தந்த பயனைவிடக் கூடுதலாக எதுவும் கிடைத்திருக்காது. தடையைக் குறைத்த பிறகு மாற்றியபோதுதான் அந்த விசிறியின் அழுத்தம் பலகையில் வீணாகாமல் ரேடியேட்டருக்குச் செலவாயிற்று. வீட்டு வெப்பமானியால் எடுத்த அளவுகள் இவை, ஓரிரு டிகிரி பிசகலாம். ஆனால் வரிசை மாறாது.

ரேடியேட்டரின் இரு பக்கமும் விசிறி வைத்து, ஒன்று தள்ளவும் மற்றொன்று இழுக்கவும் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு விசிறிகளின் அழுத்தங்கள் கூடும், வெட்டவெளிக் காற்றோட்டம் கூடாது. தடிமனான, நெருக்கமான தகடுகள் கொண்ட ரேடியேட்டரில் அதற்குப் பயன் உண்டு. 27 மி.மீ. ரேடியேட்டரில் ஏற்கெனவே நல்ல அழுத்த விசிறி இருந்தால் கிடைப்பது சிறிதே. நெருக்கமான கேபினட்டில் அதற்காகக் கூடுதலாக 25 மி.மீ. இடத்தைக் கொடுப்பது பெரும்பாலும் நட்டம்.

அறிகுறி 4: குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் விசிறி முனகுகிறது

தடைக்கு முன் அழுத்தம் போதாத விசிறியின் இதழ்களில் காற்று ஒட்டிச் செல்லாமல் பிரிந்துவிடும். அப்போது காற்றோட்டம் விழும், சீறலும் முனகலும் கலந்த ஓசை எழும். தடையைக் கையால் சிறிது விலக்கியதும் ஓசை நின்றால் காரணம் இதுதான். அழுத்த வகை விசிறிக்கு மாறலாம், அல்லது தடையை விலக்கலாம்.

தடையை விலக்கியும் ஒரே சுருதியில் முனகல் தொடர்ந்தால், இதழ்கள் ஏதோ ஒரு கம்பியையோ வலையையோ மிக அருகில் கடப்பதைச் சந்தேகியுங்கள். ஒன்பது இதழ் விசிறி 1200 சுற்றில் நொடிக்கு 180 முறை அந்தக் கம்பியைக் கடக்கும், அந்த அதிர்வே காதில் சுருதியாக விழுகிறது. காற்று நுழையும் பக்கத்தில் இது மிகவும் கடுமையாக இருக்கும். வடிகட்டிக்கும் இதழுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்காக விசிறியை மாற்ற வேண்டியதில்லை.

அறிகுறி 5: பின்பக்க விசிறிக்கு அழுத்த வகை போட்டும் மாற்றமில்லை

பின்பக்கத்தில் அகன்ற துளைகளுள்ள தேன்கூட்டு வலையைத் தவிர வேறு தடை இல்லை என்றால் அங்கே அழுத்தத்துக்கு வேலையே இல்லை. இரண்டு வகையும் கையில் இருந்தால் காற்றோட்ட வகையைப் பின்னாலும் மேலேயும், அழுத்த வகையை ரேடியேட்டரிலும் வடிகட்டிக்குப் பின்னும் மாட்டுங்கள். ஒரே வகைதான் வாங்க முடியும் என்றால் அழுத்த வகையை வாங்குங்கள், ஏனெனில் திறந்த இடத்தில் அது இழப்பது, தடையின் முன் காற்றோட்ட வகை இழப்பதைவிடக் குறைவு.

அறிகுறி 6: திரவம் குளிர்ந்திருக்கிறது, செயலி மட்டும் கொதிக்கிறது

ரேடியேட்டரில் காற்றின் வெப்ப உயர்வு ஆறேழு டிகிரிக்குள் இருந்து, திரவமும் அறைக்கு மேல் பத்து டிகிரிக்குள் நின்று, செயலி மட்டும் 95 டிகிரியைத் தொடுகிறது என்றால் வெப்பம் திரவத்தை வந்தடையவே இல்லை. எந்த விசிறியை மாட்டினாலும் அந்த எண் அசையாது. விசிறித் தேடலை அங்கேயே நிறுத்திவிட்டு, பம்பின் சுழல்வேகம் பயாஸில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், குளிர்விப்புத் தலையைக் கழற்றி, வெப்பப் பசை நடுவில் சீராகப் பரவியிருக்கிறதா, அடியில் ஒட்டியிருந்த பாதுகாப்புப் பிளாஸ்டிக் உரிக்கப்பட்டதா என்று பாருங்கள்.